இன்வாய்ஸில் 30 பெட்டி, பேக்கிங் லிஸ்டில் 31: ஆத்தங்குடிக் கல் ஏற்றுமதியில் இரண்டு தாளையும் சேர்த்துப் படிப்பது எப்படி?

கேள்வி: "வணக்கம்ணே. எங்களுக்கு ஆத்தங்குடியில கல் பட்டறை. முதல் தடவையா மலேசியா போர்ட் கிளாங்குக்கு 300 சதுர மீட்டர், 10 அங்குலத் தரைக் கல் அனுப்புறோம். இன்வாய்ஸ் நான் போட்டேன், பேக்கிங் லிஸ்ட் மேஸ்திரி நோட்டைப் பார்த்து தம்பி போட்டான். இன்வாய்ஸ்ல பூக்கல் 200 சதுர மீட்டர் 3,100 கல், சிவப்பு 100 சதுர மீட்டர் 1,600 கல், 30 பெட்டி, நெட் 13,160 கிலோ, கிராஸ் 14,240. லிஸ்ட்ல 31 பெட்டி, முதல் முப்பதுல பெட்டிக்கு 155, கடைசிப் பெட்டியில 93, மொத்தம் 4,743 கல், நெட் 13,280.4, கிராஸ் 14,390. எடை மேடைச் சீட்டுல சரக்கு மட்டும் 14,710 கிலோ. லாரி இன்னும் பட்டறை வாசல்லதான் நிக்குது. தூத்துக்குடி ஏஜென்ட் ஒத்துப்போகலைன்னு திருப்பிட்டார். 43 கல்லும் 150 கிலோவும்தானே வித்தியாசம், இன்வாய்ஸ் கணக்கையே லிஸ்ட்லயும் போட்டுரலாமா? இல்லைன்னா எதை எதோட வச்சுப் பாக்கணும்?"

பதில்:

போட்டுவிடாதீர்கள் தம்பி. நீங்கள் சொல்கிற 43 கல் ஒரு தவறால் வந்த வித்தியாசம் அல்ல. எதிரெதிர்ப் பக்கம் இழுக்கிற இரண்டு தவறுகள் கழிந்துபோய் மிஞ்சியது அது. இன்வாய்ஸ் எண்ணை லிஸ்டில் எழுதினால் இரண்டும் உள்ளேயே இருக்கும், தாள் மட்டும் அழகாகிவிடும். அப்புறம் கண்டெய்னரைத் திறந்து எண்ணுகிற ஆள் கண்டுபிடிப்பார். அவர் தூத்துக்குடியில் இருக்கலாம், கிளாங்கில் இருக்கலாம்.

முதலில் எந்த எண்ணை எந்தத் தாளில் நம்ப வேண்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு விற்றோம், என்ன விலைக்கு, எந்த அலகில் என்று சொல்வது இன்வாய்ஸ். அதன் மூலம் வாங்குபவரின் ஆர்டர். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, பெட்டி என்ன எடை என்று சொல்வது பேக்கிங் லிஸ்ட். அதன் மூலம் மேஸ்திரியின் நோட்டும் தராசும். இன்வாய்ஸில் இருக்கும் எடை பெரும்பாலும் அலுவலகத்தில் உட்கார்ந்து பெருக்கிப் போட்டது. லிஸ்டில் இருக்கும் சதுர மீட்டர் பெரும்பாலும் இன்வாய்ஸைப் பார்த்து எழுதியது. அதனால் பொருந்தாதபோது எண்ணிக்கை, எடை, பெட்டி மூன்றுக்கும் லிஸ்டையும், அலகு, விலை இரண்டுக்கும் ஆர்டரையும் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள். தொடங்குவதற்குத்தான் இது. லிஸ்ட் எப்போதும் சரி என்று நான் சொல்லவில்லை.

அடுத்தது, மொத்தத்தை மொத்தத்தோடு வைத்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். வரிக்கு வரி பாருங்கள். பூக்கல்லில் லிஸ்டின் 1 முதல் 20 வரையான பெட்டிகளில் பெட்டிக்கு 155 கல் என்றால் 3,100. இன்வாய்ஸிலும் 3,100. அந்த வரி சுத்தம். சிவப்பில் 21 முதல் 30 வரை பத்துப் பெட்டி, பெட்டிக்கு அதே 155, ஆக 1,550. இன்வாய்ஸில் 1,600. இங்கே இன்வாய்ஸ் 50 கல் கூட. 31ஆம் பெட்டியில் 93 கல், அது இன்வாய்ஸில் எந்த வரியிலும் இல்லை. இங்கே லிஸ்ட் 93 கூட. 93-இல் 50 போனால் 43. அதுதான் உங்கள் கண்ணில் பட்ட வித்தியாசம். மேஸ்திரி 31ஆம் பெட்டியில் 50 கல் மட்டும் வைத்திருந்தால் இரண்டு தாளின் மொத்தமும் அச்சு அசலாக 4,700 என்று ஒத்துப்போயிருக்கும். ஏஜென்டும் எண்ணிக்கையில் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்.

சிவப்பில் அந்த 50 எங்கிருந்து வந்தது? உங்கள் கல் 10 அங்குலத்துக்கு 10 அங்குலம். 10 அங்குலம் 25.4 சென்டிமீட்டர். ஒரு கல்லின் பரப்பு 0.064516 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு சதுர மீட்டருக்கு பதினைந்தரைக் கல். 100 சதுர மீட்டருக்கு 1,550. மேஸ்திரி பெட்டிக்கு 155 வைத்ததே பெட்டிக்குப் பத்து சதுர மீட்டர் வரட்டும் என்றுதான். நீங்கள் சிவப்பு வரி போடும்போது 10 அங்குலத்தை 25 சென்டிமீட்டர் என்று மனக்கணக்காக எடுத்து, மீட்டருக்கு 16 கல் என்று போட்டிருக்கிறீர்கள். பூக்கல் வரியில் சரியாக வந்திருப்பதைப் பார்த்தால் அதைப் பழைய கொட்டேஷனிலிருந்து எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாலு மில்லிமீட்டர் வித்தியாசம்தான், ஆனால் பரப்பில் மூன்று சதவீதத்துக்கு மேல் வருகிறது. 1,600 கல் என்பது 103.2 சதுர மீட்டர். இன்வாய்ஸின் அந்த ஒரே வரியிலேயே 100 சதுர மீட்டரும் 1,600 கல்லும் ஒன்றோடொன்று மோதுகின்றன. லிஸ்டே கையில் இல்லாவிட்டாலும் இதைப் பிடித்திருக்கலாம்.

திருத்துவதற்கு முன் ஒரு கல்லை எடுத்து அளந்துவிடுங்கள். நம் பக்கத்துப் பழைய அச்சுகள் அங்குல அச்சுகள். ஆனால் வெளிநாட்டு ஆர்டருக்கென்று 25 சென்டிமீட்டர் அச்சே புதிதாக அடித்து வைத்திருக்கிற பட்டறைகளும் இருக்கலாம். உங்கள் சிவப்பு அப்படிப்பட்ட அச்சில் ஊற்றியதாக இருந்தால் 16 என்பதே சரி. அப்போது தவறு இன்வாய்ஸில் இல்லை, பெட்டியில்தான் 50 கல் குறைகிறது என்று அர்த்தம். ஸ்கேலை எடுத்துக் கல்லின் மேல் வைத்தால் அரை நிமிஷத்தில் தெரிந்துபோகிற விஷயம். இதைத் தொலைபேசியில் விவாதித்து முடிவெடுக்காதீர்கள்.

இப்போது 31ஆம் பெட்டி. 93 என்ற எண்ணைப் பார்த்ததுமே தெரிகிறது, 4,650-இல் இரண்டு சதவீதம். போகிற வழியில் உடைந்தால் ஈடுகட்ட மேஸ்திரி வைத்த உபரிக் கல். பூக்கல் 62, சிவப்பு 31 என்று இருக்க வேண்டும், நோட்டில் பாருங்கள். உபரி வைப்பது நல்ல பழக்கம்தான். கையால் ஊற்றிய கல்லில் அடுத்த முறை அதே வண்ணம் அப்படியே வராது என்பதால் வாங்குபவரே கேட்பார். ஆனால் காசு வாங்காத சரக்கும் சரக்குதான். பெட்டிக்குள் இருப்பதெல்லாம் இன்வாய்ஸில் ஒரு வரியாக இருக்க வேண்டும். '93 கல், 6 சதுர மீட்டர், உடைசலுக்கு ஈடாக இலவசம், சுங்க மதிப்புக்காக மட்டும் இவ்வளவு டாலர்' என்று தனி வரி போட்டு, வாங்குபவர் தரவேண்டிய தொகையில் அது சேராது என்று காட்டுவது வழக்கம். மதிப்பே இல்லை என்று பூஜ்யம் போடாதீர்கள். அந்த வரியை, சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லில் எப்படி ஏற்றுவது, வங்கியில் வரவேண்டிய தொகை எவ்வளவு என்று நிற்கும் என்பதை ஏஜென்டிடமும் வங்கியிலும் முதலிலேயே பேசிவிடுங்கள். பணம் எல்.சி. வழியாக, அதாவது தாள்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம் வழியாக வருகிறதென்றால் இந்த வரியே வேறொரு சிக்கலைக் கொண்டுவரும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எடைக்கு வருவோம். இங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். வித்தியாசத்தை எடுத்து, உங்களுக்குத் தெரிந்த சிறு எடைகளால் வகுத்துப் பாருங்கள். எதில் சுத்தமாக விழுகிறதோ அதுதான் காரணமாக இருக்கும். உங்கள் கையில் இருக்கும் சிறு எடைகள் இரண்டு. ஒரு கல் 2.8 கிலோ, ஒரு காலி மரப்பெட்டி 36 கிலோ. 155 கல்லுக்கு 434 கிலோ, மரம் சேர்த்துப் பெட்டி 470. லிஸ்டில் முப்பது பெட்டிக்கும் இதே 470 இருக்கிறதா பாருங்கள், இருக்கும்.

நெட் எடையில் வித்தியாசம் 120.4 கிலோ. 2.8-ஆல் வகுத்தால் சரியாக 43. ஆக நெட் எடையில் தனியாக ஒரு பிரச்சினையும் இல்லை, எண்ணிக்கைத் தவறின் நிழல்தான் அது. எண்ணிக்கையைத் திருத்தினால் தானே சரியாகும். கிராஸில் வித்தியாசம் 150. அதில் கல்லின் பங்கு 120.4 போனால் மிச்சம் 29.6 கிலோ. அது கல் அல்ல, மரம். 31ஆம் பெட்டி கொஞ்சம் சின்னதாக அடித்தது, காலி எடை 29.6 என்று நோட்டில் இருக்கும். இப்படி கிராஸ் வித்தியாசத்திலிருந்து நெட் வித்தியாசத்தைக் கழித்து, மிச்சம் ஒரு காலிப் பெட்டியின் எடைக்குப் பக்கத்தில் வந்தால், பெட்டி எண்ணிக்கையில் ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பெட்டி எண்ணிக்கை எழுதாத தாளிலும் இந்தக் கழித்தல் காட்டிக்கொடுத்துவிடும்.

மிச்சம் முப்பதின் மடங்காக வந்தால் கதை வேறு. உதாரணமாக 60 கிலோ மிஞ்சினால் பெட்டிக்கு இரண்டு கிலோ. ஒருவர் பெட்டியை 36 என்றும் இன்னொருவர் 38 என்றும் எடுத்திருக்கிறார். மரப்பெட்டியில் இது சாதாரணம். பச்சை மரத்தில் அடித்தால் ஒரு எடை, காய்ந்தபின் ஒரு எடை. மரத்தில் பூச்சி இல்லை என்று காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரைக்காகச் சூடேற்றிய மரம் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஒரே பெட்டியை எடைபோட்டு முப்பதால் பெருக்காமல் நாலைந்து பெட்டியை எடைபோட்டுச் சராசரி எடுங்கள். அதையும் முத்திரை அடித்துப் பட்டறைக்கு வந்த பிறகு செய்யுங்கள்.

தாள்களின் கணக்கு இதோடு முடிந்தது. ஆனால் உங்கள் எடை மேடைச் சீட்டு தாள்களோடு ஒத்துப்போகவில்லை என்பதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. லிஸ்ட் சொல்வது 14,390. மேடை சொல்வது 14,710. 320 கிலோ கூட. இரண்டு தாளையும் ஒன்றுக்கொன்று பொருத்திவிட்டாலும் இந்த 320 கிலோ அப்படியே கண்டெய்னருக்குள் போகும்.

முதலில் மேடையையே சந்தேகப்படுங்கள், அது சுலபம். சீட்டில் காலி எடையும் லோடு எடையும் ஒரே மேடையில் எடுத்ததா? காலி எடை அன்றைக்கே எடுத்ததா, இல்லை லாரிக்காரர் சொன்ன பழைய எண்ணா? நடுவில் டீசல் போட்டாரா? 200 லிட்டர் டீசல் ஏறக்குறைய 165 கிலோ. அதோடு காலி எடையில் இல்லாத கிளீனரும் தார்ப்பாயும் கயிறும் லோடு எடையில் ஏறியிருந்தால் 250 கிலோவைத் தாண்டிவிடும், ஒரு கல் கூட மாறாமல். மேடை பத்து கிலோ படியில்தான் காட்டும் என்பதால் ஐந்து, பத்து கிலோ முன்பின் இருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மேடை சரி என்று வையுங்கள். அப்போது இந்த 320-க்கு மூன்று இடங்கள் இருக்கின்றன. எல்லாக் கல்லும் கொஞ்சம் கொஞ்சம் கனம் கூடியிருக்கலாம். 320-ஐ 4,743-ஆல் வகுத்தால் கல்லுக்கு 67 கிராம். இல்லையென்றால் மரம் கனமாக இருக்கலாம். 31-ஆல் வகுத்தால் பெட்டிக்குப் பத்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல், அதாவது காலிப் பெட்டி 36 அல்ல 46. அதுவும் இல்லையென்றால் ஒரு வகைக் கல் மட்டும் கனமாக இருக்கலாம். சிவப்பு மொத்தம் 1,581, அதால் வகுத்தால் கல்லுக்கு 200 கிராம், அதாவது சிவப்பு 2.8 அல்ல 3 கிலோ.

இந்த மூன்றில் எது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். லாரியின் பின்பக்கம் இருக்கும் ஒரு சிவப்புப் பெட்டியிலும் ஒரு பூக்கல் பெட்டியிலும் மேல் பலகையைக் கழற்றி, பத்துப் பத்துக் கல்லை எடுத்துக் கடைத் தராசில் வையுங்கள். இரண்டுமே 28.7 கிலோ வந்தால் எல்லாக் கல்லும் கனம். இரண்டுமே 28 வந்தால் மரத்தைத் தேடுங்கள். பூக்கல் 28, சிவப்பு 30 வந்தால் சிவப்புதான். ஒரே ஒரு கல்லை வைக்காதீர்கள். கையால் ஊற்றிய கல், ஒன்றுக்கொன்று ஐம்பது அறுபது கிராம் முன்பின் இருக்கும். பத்தாக வைத்தால் அது அடங்கிவிடும்.

என்னைக் கேட்டால் சிவப்பின் மேல்தான் சந்தேகம். நம் கல் சூளையில் சுட்ட கல் அல்ல. கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றி, உலர் சிமெண்டும் மணலும் தூவி, சிமெண்டுக் கலவை வைத்து அழுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுப்பது. தொட்டியிலிருந்து வந்த கல் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும், அது முழுக்க வெளியேற நல்ல வெயிலிலும் நாள் பிடிக்கும். பூ வேலை நேரம் எடுக்கும் என்பதால் அதை முன்னால் ஊற்றி முடித்துவிட்டு, ஆர்டர் முடிகிற நேரத்தில் சாதாக் கல்லை ஊற்றுவது பல பட்டறைகளில் நடப்பதுதான். நீங்களும் அப்படிச் செய்து, சிவப்பு தொட்டியிலிருந்து நேரே பெட்டிக்குப் போயிருந்தால், 2.8 என்பது அலமாரியில் இருந்த காய்ந்த சாம்பிளின் எடை. பெட்டிக்குள் இருப்பது ஈரக் கல்லின் எடை.

ஈரமா, இல்லை கலவை கூடிக் கல் தடித்துப்போனதா என்பதைப் பிரித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. வெர்னியர் வைத்து நாலைந்து கல்லின் கனத்தை அளங்கள். 200 கிராம் கூட வேண்டுமென்றால் இரண்டு சென்டிமீட்டர் கல்லில் ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருக்க வேண்டும், அது கட்டாயம் தெரியும். கனம் சரியாக இருந்து எடை மட்டும் கூடியிருந்தால் தண்ணீர்தான். எடைபோட்ட அந்தப் பத்துக் கல்லையே இரண்டு மூன்று நாள் வெயிலில் பரப்பி மறுபடி தராசில் வைத்தால் இன்னும் உறுதியாகும்.

இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றல்ல. தடித்த கல் என்றால் எடை அதுதான், இனி மாறாது, லிஸ்டைத் திருத்தினால் போதும். ஈரக் கல் என்றால் எடைத் தவறு இருப்பதிலேயே சின்னப் பிரச்சினை. மூடிய கண்டெய்னருக்குள் ஈரம் வெளியேறிக் கூரையில் வேர்த்துச் சொட்டும். கல்லின் முகத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும், மரம் பூஞ்சணம் பிடிக்கும். சிவப்பில் வெள்ளைப் பூத்தால் பளிச்சென்று தெரியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கப்பல் தேதி இடம்கொடுத்தால் சிவப்பை இறக்கிக் காயவைத்து ஏற்றச் சொல்வேன். அப்படிச் செய்தால் எடையை மறுபடி எடுக்க வேண்டும். காய்ந்தால் 2.8-க்குத்தானே வரும் என்று பழைய எண்ணையே விட்டுவிடாதீர்கள். தேதி இடம்கொடுக்கவில்லை, அப்படியே போக வேண்டும் என்றால் இருக்கிற எடையை எழுதுங்கள்.

அப்படியே போவதாக வைத்து லிஸ்டைப் போட்டுக் காட்டுகிறேன். பூக்கல் பெட்டி 1 முதல் 20 வரை முன்போல் நெட் 434, கிராஸ் 470. சிவப்பு 21 முதல் 30 வரை கல்லுக்கு 3 கிலோ வீதம் நெட் 465, மரம் சேர்த்துக் கிராஸ் 501. 31ஆம் பெட்டியில் பூக்கல் 62-க்கு 173.6, சிவப்பு 31-க்கு 93, ஆக நெட் 266.6, மரம் 29.6 சேர்த்து 296.2. கூட்டினால் நெட் 13,596.6, கிராஸ் 14,706.2. மேடை சொன்னது 14,710. மிச்சம் நாலு கிலோ மேடையின் பத்து கிலோ படிக்குள் அடங்கிப்போகிறது. காரணம் சரியாகப் பிடிபட்டால் கணக்கு இப்படித்தான் தானாக வந்து உட்காரும். அறுபது, எழுபது கிலோ இன்னும் தொங்குகிறது என்றால் இன்னொரு காரணம் எங்கோ இருக்கிறது, தேடுங்கள். 14,710 வரவேண்டுமே என்று பெட்டிக்கு அரைக் கிலோ கால் கிலோ பிரித்துப் போட்டு நிரப்புவது இந்த வேலையில் எல்லோரும் அறிந்த ஒரு கைவேலை. முப்பது பெட்டியும் கிராம் பிசகாமல் ஒரே எடை, கூட்டுத்தொகை மேடையோடு கிலோ பிசகாமல் ஒத்துப்போகிறது என்று ஒரு லிஸ்ட் வந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

இன்வாய்ஸில் இதற்கேற்ப மூன்று இடம் மாறும். சிவப்பு வரி 1,550 ஆகும். உபரி 93 தனி வரியாக வரும். பெட்டி 31, நெட், கிராஸ் மூன்றும் லிஸ்டிலிருந்து அப்படியே எடுத்து எழுதப்படும், மறுபடி பெருக்கிப் போடக் கூடாது. சதுர மீட்டரும் விலையும் தொடப்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள். வாங்குபவர் தரவேண்டிய பணம் பழைய பணம்தான். இன்வாய்ஸ் எண்ணையும் தேதியையும் மாற்றாமல் அதே எண்ணில் திருத்துங்கள். புது எண் போட்டுவிட்டு ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் பழைய எண்ணை ஏற்றினால், ஷிப்பிங் பில்லோடு ஒத்துப்போகாமல் SB005 என்று பிழை வந்து ரீஃபண்ட் நிற்கும். பழைய பிரதி யாரிடமாவது போயிருந்தால் அது செல்லாது என்று சொல்லிவிடுங்கள். ஏஜென்ட் மேசையில் இரண்டு இன்வாய்ஸும் கிடந்தால் எது போகும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கூடவே பார்த்துவிடுங்கள். பொருளின் பெயர் இரண்டு தாளிலும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் வெறும் டைல்ஸ், மற்றதில் கையால் செய்த சிமெண்ட் டைல்ஸ் என்று இருக்கக் கூடாது. சிமெண்ட் கல்லுக்குச் சுங்கத் தலைப்பு 6810. டைல்ஸ் என்று பார்த்ததும் சுட்ட ஓட்டுக்கான 6907-ஐப் போட்டுவிடுகிற கணினிக் கடைகள் உண்டு.

வி.ஜி.எம். என்று ஏஜென்ட் ஒரு எடை கேட்பார். 2016 ஜூலை முதல் கப்பலில் ஏறும் ஒவ்வொரு சரக்குக் கண்டெய்னருக்கும் அது கட்டாயம். அது உங்கள் கிராஸ் எடை அல்ல. கிராஸோடு, பெட்டி நகராமல் இருக்க வைக்கும் கட்டை, பட்டி, இவற்றின் எடையும், கண்டெய்னர் கதவில் எழுதியிருக்கும் அதன் காலி எடையும் சேர்ந்தது. கதவில் 2,220 என்று இருந்து, கட்டைகள் 120 கிலோ என்றால் 14,706-ஓடு சேர்ந்து 17,046. லிஸ்டும் வி.ஜி.எம்-மும் ஒத்துப்போகவில்லையே என்று பதறி யாராவது லிஸ்டைத் திருத்தினால் தடுத்துவிடுங்கள். காலி எடையையும் கட்டையையும் கழித்தபின் கிராஸ் வருகிறதா என்பதுதான் கேள்வி. கட்டைகளை ஏற்றும் முன் எடைபோட்டு ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு யாரும் ஞாபகத்திலிருந்து சொல்ல முடியாது.

ஷிப்பிங் பில் இன்னும் ஏற்றவில்லை என்று நினைக்கிறேன், அதனால்தான் ஏஜென்ட் உங்களிடமே திருப்பியிருக்கிறார். நல்ல மனுஷன், அவரை விட்டுவிடாதீர்கள். ஏற்றிவிட்ட பிறகென்றால் திருத்தத்துக்கு மனு போட வேண்டும். சரக்கு போனபிறகென்றால் சுங்கச் சட்டம் 149ஆம் பிரிவின்படி, ஏற்றுமதி நடந்த நேரத்திலேயே இருந்த ஆவணத்தைக் காட்டித்தான் திருத்த முடியும். அதற்காகவே மேஸ்திரியின் நோட்டுப் பக்கம், எடை மேடைச் சீட்டு, பத்துக் கல் தராசில் இருக்கும் போட்டோ எல்லாவற்றையும் தேதியோடு இப்போதே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். நாளைக்குப் புதிதாக எழுதிக் கொடுக்கும் கடிதம் அங்கே எடுபடாது.

கடைசியாக எல்.சி. நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை. நேரடி வங்கிப் பரிமாற்றமாகப் பணம் வருகிறதென்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். எல்.சி. என்றால் வங்கிக்காரர் கல்லைப் பார்க்க மாட்டார், தாளைத்தான் பார்ப்பார். எல்.சி-க்கு வங்கிகள் பின்பற்றும் சர்வதேச விதித்தொகுப்பான யு.சி.பி. 600-இன் 30ஆம் விதிப்படி, எல்.சி-யில் வேறு மாதிரி சொல்லாதவரை, மொத்தத் தொகை தாண்டாமல் அளவு ஐந்து சதவீதம் கூடலாம் குறையலாம். ஆனால் அளவைப் பெட்டிக் கணக்கிலோ கல் கணக்கிலோ குறிப்பிட்டிருந்தால் அந்தச் சலுகை கிடையாது. எல்.சி-யில் 300 சதுர மீட்டர் என்று இருந்தால் உங்களுக்கு இடம் இருக்கிறது. 4,650 கல் என்று இருந்தால் ஒரு கல் கூடினாலும் பிரச்சினை. அடுத்த முறை எல்.சி. திறக்கும்போதே சதுர மீட்டரில் கேளுங்கள்.

உபரி வரியின் சிக்கல் இங்கேதான். எல்.சி. கேட்காத பொருளை இன்வாய்ஸில் காட்டினால், இலவசம் என்று எழுதியிருந்தாலும் வங்கிகள் அதை முரண்பாடாகவே எடுத்துக்கொள்ளும், நடைமுறை விதி அப்படி. சுங்கத்துக்கு அந்த வரி வேண்டும், வங்கிக்கு அது ஆகாது. அதனால் எல்.சி. இருந்தால் இன்றைக்கே வாங்குபவரிடம் சொல்லி, உடைசலுக்காக 6 சதுர மீட்டர் இலவசக் கல் என்ற ஒரு வாசகத்தை எல்.சி-யில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தத் திருத்தம் வர நாளாகும், கப்பல் காத்திருக்காது என்றால் 31ஆம் பெட்டியை லாரியிலிருந்து இறக்கிவிடுங்கள். அப்போது லிஸ்ட் 30 பெட்டி, 4,650 கல், சிவப்பு ஈரமாகவே போவதானால் நெட் 13,330, கிராஸ் 14,410. மேடையிலும் இன்னொரு முறை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும், லாரிக்காரர் முணுமுணுப்பார்.